சேட்டு எழுதாத மனு

முதல் கட்டுரையிலேயே சேட்டு தலைகாட்டினார். ஏழாவது கட்டுரைக்குள் பல்லாவரம் தோல் வியாபாரிகள் சங்கத்தின் தலைவராகிவிட்டார். பன்னிரண்டாவதில் வெள்ளைக்காரன் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டான். இருபதாவது கட்டுரை வருவதற்குள் சிறையிலிருந்து வெளியே வந்து, ஏழைகளுக்கு ஒரு சத்திரமும் கட்டியிருந்தார்.

மெர்வின் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தான். தாம்பரம் ஸ்டேஷனில் ஏதோ ஒரு ரயில் ஊதிக்கொண்டு போனது. சரித்திரத் துறையின் மின்விசிறி வழக்கம்போல் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்துகொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்த சேட்டு என்று ஒரு ஆள் கிடையவே கிடையாது. இந்த விஷயம் உலகத்தில் மெர்வின் ஒருவனுக்குத்தான் தெரியும். ஏனென்றால் அவரைப் பெற்றெடுத்தவனே அவன்தான்.

ஜனவரி மாதம் ஒரு புதன்கிழமை மதியம், பிரியாணி தின்ற கிறக்கத்தில் இருந்த மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், ஒரு சான்றை எப்படிக் கேள்வி கேட்பது என்று விளக்கிக்கொண்டிருந்தான். "ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க" என்று ஆரம்பித்து, கரும்பலகையில் ஒரு மனுவை எழுதினான். 1887. பல்லாவரம் தோல் வியாபாரி ஒருவர் கலெக்டருக்கு எழுதியது. 'ரயில் வந்த பிறகே எங்கள் வியாபாரம் பிழைத்தது. ஆகவே கலெக்டர் துரையவர்கள் தயைகூர்ந்து ஸ்டேஷனில் சரக்குக் கூடம் ஒன்று கட்டித்தர வேண்டும்.' வியாபாரிக்குப் பெயர் வேண்டுமே என்று யோசித்தபோது ஜன்னல் வழியாகக் கேன்டீன் தெரிந்தது. கேன்டீன்காரர் பெயர் சேட்டு. போட்டுவிட்டான்.

"இதை யாரு எழுதினா? எதுக்கு எழுதினா? சரக்குக் கூடம் கேக்கறவன் ரயிலைத் திட்டுவானா?" என்று கேட்டான். பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதை அவன் ஆர்வம் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வகுப்பில் வாத்தியார் வாயைத் திறந்தால் பேனாவைத் திறக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே வந்த பழக்கம். வாத்தியார் இருமினால்கூட ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள். அன்று மாலையே வகுப்புத் தலைவி ஜெயஸ்ரீ எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸப் குழுவில் போட்டாள். மனு இருந்தது. வருடம் இருந்தது. சேட்டு இருந்தார். 'ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க' மட்டும் இல்லை. பரீட்சைக்கு வராத வரிகளை ஜெயஸ்ரீ சேர்ப்பதில்லை.

இப்போது ஏப்ரல். கட்டுரைத் தலைப்பு: 'பல்லாவரத்தில் தோல் தொழில் வளர்ந்ததற்கு ரயில்பாதையே முதன்மைக் காரணமா? ஆராய்க.' வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டுப் பேரும் சேட்டைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையே இல்லை. துறைத்தலைவர் சத்தியநாதன் கட்டுரையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்திப் பார்ப்பார். தடிமனைப் பொறுத்து மதிப்பெண். ஸ்கெட்ச் பேனாவில் அடிக்கோடு போட்டிருந்தால் கூடுதலாக இரண்டு. இந்த வருடம் தரச்சான்றுக் குழு வந்து, இது அறிவியல்பூர்வமாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அதனால் புது முறை வந்தது. மூன்று அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் பத்து: சான்றைக் கையாண்ட விதம், காலச்சூழலில் பொருத்திய விதம், வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோன விதம். ஒவ்வொரு அளவுகோலுக்கும் எந்தத் தரத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று விளக்கம் உண்டு. மதிப்பெண்ணுக்கான காரணத்தை ஓரத்தில் எழுத வேண்டும். முப்பதுக்குப் பன்னிரண்டு எடுத்தால் பாஸ். பிறகு வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து மேலே, நடுவில், கீழே என்று சில கட்டுரைகளை உருவி, தானும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார். ரொம்ப இடித்தால் மொத்தக் கட்டையும் மறுபடி திருத்த வேண்டும்.

அந்த வெளி மதிப்பீட்டாளர் மறுநாள் வருகிறார். அவர் போன கையோடு, மெர்வினின் பணி நீட்டிப்புக்குச் சத்தியநாதன் பரிந்துரை எழுதுவார். மெர்வின் கௌரவ விரிவுரையாளன். அதாவது கௌரவம் உண்டு, வேலை வருடாவருடம் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கேளம்பாக்கத்தில் அக்கா ஷீலாவின் புருஷன் நடத்தும் டைல்ஸ் கடை. "சரித்திரம் படிச்சவனுக்கு ஸ்டாக் எடுக்கறது ஈஸிடா" என்று அத்தான் மூன்று வருடமாக நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

சொல்லிவிடுவதுதான் நல்லது என்று எழுந்து துறைத்தலைவர் அறைக்குப் போனான்.

"வாங்க மெர்வின், நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் சத்தியநாதன். முகத்தில் கல்யாணக் களை. "உக்காருங்க. நீங்க ஒரு புதையலை வெச்சுக்கிட்டு மூச்சு விடாம இருக்கீங்களே?"

"சார், நான் ஒரு விஷயம்..."

"அந்தச் சேட்டு மனு! ஜெயஸ்ரீகிட்ட இருந்த நோட்ஸ்ல பாத்தேன். ஆடிப்போயிட்டேன். போன மாசம் தேசியக் கருத்தரங்குல அதை வெச்சுதான் கட்டுரை வாசிச்சேன்." மேசையிலிருந்து கருத்தரங்கு மலரை எடுத்து நீட்டினார். பக்கம் எழுபதில் அச்சாகியிருந்தது: 'பல்லாவரம் சேட்டு: மறக்கப்பட்ட ஒரு குரல்.'

மெர்வின் அடிக்குறிப்பைப் பார்த்தான். 'மூல மனு, தனியார் சேகரிப்பு.'

"யாரோட சேகரிப்பு சார்?"

"உங்களோடதுதான். பேரைப் போடல. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு விட்டுட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு மேடம் வந்துட்டுப் போகட்டும். உங்க நீட்டிப்புக்கு நான் எழுதற பரிந்துரை இருக்கே, மேனேஜ்மென்ட் கண்ணுல தண்ணி வரும். நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஃபேன் சரியில்ல சார்" என்றான் மெர்வின்.

வெளியே வந்தவனைக் கேன்டீன் வாசலில் நிஜச் சேட்டு மடக்கினார். கையில் டீ வடிகட்டி.

"இன்னா சார், நம்ம பேரு புக்குல வந்துகீதாமே? பசங்க சொல்லிக்கினு கீறானுங்க. ஒரு ஜெராக்ஸ் குடு சார், ஃபிரேம் போட்டு மாட்டிக்கிறேன்."

"அது வேற சேட்டுண்ணா."

"வேற இன்னா வேற? எங்க தாத்தாவா இருக்கும். ஆனா அந்தாளு தோலு யாவாரம் பண்ணாப்பல தெர்லியே, குடிச்சிட்டுத் திண்டாடிக்கினுதான் இருந்தாரு." கொஞ்சம் யோசித்தார். "ஜெயிலுக்குப் போனது மட்டும் கரீட்டு சார்."

மெர்வின் டீயைக் குடிக்காமலே திரும்பி வந்தான். சேட்டுக்குப் பரம்பரையும் உண்டாகிவிட்டது. இனி அவரை ஒழிப்பது கஷ்டம்.

கட்டுரைகளை மறுபடி எடுத்தான். சேட்டு உண்மை என்றே வைத்துக்கொண்டு திருத்தினால் என்ன? அளவுகோல் ரொம்பத் தெளிவாக இருந்தது. சான்றைக் கேள்வி கேட்காமல் அப்படியே எடுத்துவைத்தால் நான்கு. காலச்சூழலில் பெரும்பாலோர் 'பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஆண்ட காலமாகும்' என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழைமரம் மாதிரி அது தனியாக நின்றது. உள்ளே நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கும் நான்கு. வாதம்? முன்னுரையில் 'ஆம், ரயிலே காரணம்.' நடுவில் 'எனினும் பல காரணங்கள் உள்ளன.' முடிவுரையில் 'இவ்வாறு ரயில் நம் நாட்டின் முதுகெலும்பாகும்.' கேள்வி பல்லாவரத்தில் ஏறியது, எங்கே இறங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கும் தாராளமாக நான்கு. நான்கும் நான்கும் நான்கும் பன்னிரண்டு. வகுப்பு பாஸ். மெர்வினும் பாஸ்.

ஆனால் சேட்டு பொய் என்பது அவனுக்குத் தெரியுமே. தெரிந்துகொண்டே எப்படிப் படிப்பது? பென்சிலை எடுத்தான். ஒவ்வொரு கட்டுரையிலும் சேட்டு வரும் வரிகளை மெலிதாக அடித்துவிட்டு, மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்த்தான்.

ஒன்றும் நிற்கவில்லை. 'ரயிலே காரணம் என்பதைச் சேட்டு தெளிவாகக் கூறுகிறார்' என்பதை அடித்தால் கட்டுரை பொத்தென்று உட்கார்ந்தது. ஒருவனுடைய கட்டுரையில் முன்னுரையும் பெயரும்தான் தேறின. அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, பயத்தில் எல்லாக் கோடுகளையும் ரப்பரால் அழித்தான். ஜன்னல் ஓரம் முழுக்க ரப்பர் துருவல்.

கடைசிக் கட்டுரை தீபலட்சுமியுடையது. அவள் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருப்பாள். தூங்கவும் மாட்டாள், தலையாட்டவும் மாட்டாள். அவள் கட்டுரையில் சேட்டு இரண்டாம் பக்கத்திலேயே வந்தார். ஆனால் வந்த வேகத்தில் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொண்டார்.

'சேட்டு சரக்குக் கூடம் கேட்கிறார். ரயிலிடம் ஒன்றைக் கேட்கிறவர் ரயிலைப் புகழத்தான் செய்வார். ஆகவே இந்த மனு அவருக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறதே தவிர, வியாபாரம் எதனால் வளர்ந்தது என்பதைச் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தாள். பிறகு நூலகத்தில் தூசி தட்டிய பழைய மாவட்டக் கையேட்டுக்குப் போனாள். அதையும் சும்மா விடவில்லை. வரி வசூலிக்கிற அதிகாரி எழுதியது, வரி வருகிற தொழிலைத்தான் அவர் கண் பார்க்கும் என்று எச்சரித்துவிட்டுத்தான் எடுத்தாள். பட்டாளக் குடியிருப்பு, இறைச்சித் தேவை, அதனால் மிஞ்சும் தோல், துறைமுகம்வரை போன மாட்டுவண்டி, வெளிநாட்டில் ஏறிய தேவை என்று காலச்சூழலை ஒவ்வொரு பத்தியிலும் தன் வாதத்தோடு முடிச்சுப் போட்டிருந்தாள். ரயில் வேகப்படுத்தியது, ஆனால் தொடங்கிவைக்கவில்லை என்பது அவள் கட்சி. எதிர்க்கட்சிக்கும் ஒரு பக்கம் கொடுத்து, நிதானமாகப் பதில் சொல்லி, ஆரம்பித்த இடத்தை மறக்காமல் முடித்திருந்தாள்.

மெர்வின் பென்சிலால் சேட்டை அடித்தான். கட்டுரை அசையவில்லை.

அந்தக் கோட்டையும் ரப்பரால் அழித்துவிட்டு இருபத்தாறு போட்டான். சான்றுக்கு ஒன்பது. போட்டுவிட்டு, சந்தோஷப்படுவதா தலையில் கைவைத்துக்கொள்வதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை பேராசிரியை ரத்தினபாய் சிட்லபாக்கத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். ஓய்வு பெற்றவர். தோளில் ஜோல்னாப் பை, கையில் சுக்குக் காப்பி ஃபிளாஸ்க். சத்தியநாதன் வரவழைத்திருந்த முந்திரி பக்கோடாவைத் தள்ளி வைத்துவிட்டு, மூன்று கட்டுரைகளை உருவி, மதிப்பெண் இருந்த முதல் பக்கத்தைப் பார்க்காமலே மடித்துக்கொண்டு படித்தார். படிக்கும்போது முகத்தில் ஒரு தகவலும் இல்லை. மெர்வினுக்கு இடது கண் துடித்தது. ஆணுக்கு இடமா வலமா எது நல்லது என்று யோசித்து, நினைவுக்கு வராமல் விட்டுவிட்டான்.

"முதல் கட்டுரைக்கு நான் இருபத்தஞ்சு போட்டிருக்கேன். நீங்க இருபத்தாறு. சரியா இருக்கு" என்றார் ரத்தினபாய்.

சத்தியநாதன் பக்கோடாத் தட்டை மறுபடி முன்னால் நகர்த்தினார்.

"மத்த ரெண்டும் இடிக்குது. நீங்க பன்னிரண்டு, நான் ஒன்பது. சான்றுக்கு நான் ஒண்ணுதான் போட்டேன். அடிக்குறிப்பில 'சேட்டு மனு, வகுப்புக் குறிப்பு'ன்னு இருக்கு. வகுப்புக் குறிப்பு என்ன ஆவணக் காப்பகமா? மனு எங்க இருக்கு?"

"தனியார் சேகரிப்பு மேடம்" என்று சத்தியநாதன் முந்திக்கொண்டார்.

"யாரோட சேகரிப்பு?"

"அது... ஒரு குடும்பத்தோடது. முடிச்சூர்ல."

"பாக்கலாமா?"

"எங்க மேடம் பாக்கறது? பெருவெள்ளத்துல போயிடுச்சு." சத்தியநாதன் உண்மையான துக்கத்தோடு தலையை ஆட்டினார். "முடிச்சூர்தான் உங்களுக்குத் தெரியுமே. மாடி வரைக்கும் தண்ணி."

தென்சென்னைப் புறநகரில் இதற்கு மேல் ஒரு பதில் கிடையாது. ரேஷன் அட்டை, பத்திரம், கல்யாண ஆல்பம் எல்லாம் அந்த வெள்ளத்தில்தான் போயின. சேட்டும் போனதில் என்ன ஆச்சரியம்? மெர்வினுக்கு மூச்சு வந்தது. இப்படியே விட்டால் போதும். டைல்ஸ் கடை ஒரு வருடம் தள்ளிப் போகும்.

"நீங்க பாத்தீங்களா, வெள்ளத்துக்கு முன்னாடி?"

"கண்ணால பாத்தேன் மேடம். நல்ல முத்து முத்தான கையெழுத்து" என்றார் சத்தியநாதன்.

ரத்தினபாய் ஒரு கட்டுரையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "மெர்வின், இங்க வாங்க. இது என்ன?"

ரப்பரால் அழித்த பென்சில் கோடு. கரி போயிருந்தாலும் தாளில் பள்ளம் போகவில்லை.

"மூணு கட்டுரையிலயும் இருக்கு. சரியா சேட்டு வர்ற வரி மேல மட்டும். உங்க கைதானே? அடிச்சுப் பாத்திருக்கீங்க. மிச்சம் என்ன நிக்குதுன்னு பாத்திருக்கீங்க." கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா திருத்தறவன் செய்யற வேலைதான் இது. ஆனா உண்மைன்னு நம்பற சான்றை யாரும் இப்படி அடிச்சுப் பாக்க மாட்டாங்க. சந்தேகமா, இல்ல தெரியுமா?"

சத்தியநாதன் மேசைக்கடியில் மெர்வினின் காலை மிதித்தார். தோல் செருப்பு.

சந்தேகம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை, பாதிப் பொய். மெர்வின் வாயைத் திறந்தான். அவனுக்கே தெரியாமல் முழுசும் வந்துவிட்டது. ஜனவரி, கரும்பலகை, உதாரணம், கேன்டீன், பிடிஎஃப். கருத்தரங்கை மட்டும் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. பக்கம் எழுபதில் மடக்கிவைத்த மலர் மேசை மேலேயே கிடந்தது. ரத்தினபாய் அதைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சத்தியநாதனைப் பார்த்தார்.

"முத்து முத்தான கையெழுத்து" என்றார்.

சத்தியநாதன் பக்கோடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பேசாமல் இருக்க அவருக்கு அதுதான் வழி.

ரத்தினபாய் சீக்கிரம் முடித்துவிட்டார். வாத்தியார் சொன்னதை நம்பியதற்காகப் பிள்ளைகளைத் தோற்கடிக்க முடியாது. இல்லாத மனுவுக்குப் பாஸும் போட முடியாது. ஆகவே முப்பத்தேழு பேரும் இரண்டு வாரத்தில் கட்டுரையைத் திருப்பி எழுதித் தர வேண்டும், உண்மையில் இருக்கிற சான்றை வைத்து. தீபலட்சுமியின் கட்டுரை நிற்கும். "சேட்டை எடுத்துட்டாலும் வாதம் விழல. அதனால வாதத்துல கைவைக்க மாட்டேன். ஆனா சான்றுக்கு ஒன்பது இல்ல, ஆறு. ஏன் எழுதினான்னு கேட்டா. எங்க இருக்கு, யார் பாத்ததுன்னு கேக்கல. மனுவோட நோக்கத்தைப் பிடிச்சா, இருப்பைப் பிடிக்கல. மொத்தம் இருபத்துமூணு. ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் மேடம்."

"நானும் ஒன்பதுதான் போட்டிருந்தேன். எனக்கும் மூணு குறைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆட்டோ சத்தம் மறைந்த பிறகு சத்தியநாதன் மெதுவாக விழுங்கினார். "மெர்வின், கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டேனே."

"ஆமா சார்."

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நேத்து வந்தேன் சார்."

"ஃபேன் சரியில்லன்னுதானே சொன்னீங்க?" அவர் குரல் உடைந்தது. "பொய்யான ஆவணம் தயாரிச்சவருக்கு நான் நீட்டிப்பு எழுதினேன்னா, அதைக் கருத்தரங்குல வாசிச்சவனை என்ன சொல்லுவாங்க? நான் எழுத முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

"நான் தயாரிக்கல சார். உதாரணம் சொன்னேன்."

"அதைத்தான் நானும் கருத்தரங்குக்காரங்களுக்கு எழுதணும்" என்றார் சத்தியநாதன். "நீங்க நல்லா எழுதுவீங்களே, ஒரு டிராஃப்ட் போட்டுத் தாங்க."

மெர்வின் படியிறங்கினான். அக்காவுக்குப் போன் செய்ய எடுத்து, அத்தான் எடுத்துவிடுவாரோ என்று பயந்து வைத்துவிட்டான். இன்னும் ஒரு வகுப்பு பாக்கி இருந்தது. திருப்பி எழுதச் சொல்ல வேண்டும். ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக நின்ற மேடையில் கடைசியாக ஒரு உண்மையாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று உள்ளே நுழைந்தான். முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"கவனமா கேளுங்க" என்றான். "பல்லாவரத்துல சேட்டுன்னு ஒரு தோல் வியாபாரி இருந்ததே இல்ல. அந்த மனுவை யாரும் எழுதல. நான் ஒரு உதாரணத்துக்குச் சொன்னது. தப்பு என்னோடது."

உடனே ஒரு சத்தம். பேனா மூடிகள் திறக்கிற சத்தம்.

"சார், கொஞ்சம் மெதுவா" என்றாள் ஜெயஸ்ரீ. "பல்லாவரத்துல சேட்டுன்னு... அப்புறம்?"

"எழுதாதீங்க! இது நோட்ஸ் இல்ல!"

எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இதையும் எழுதியிருப்பார்கள். மூன்றாம் பெஞ்சில் தீபலட்சுமி மட்டும் பேனாவைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மதிப்பெண் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

அவள் கையைத் தூக்கினாள்.

"சேட்டு இல்லன்னு நீங்க சொல்றீங்க" என்றாள். "இருந்தாருன்னும் நீங்கதான் சொன்னீங்க. நீங்க சொல்றதைத் தவிர, இதுக்கு என்ன சான்று சார்?"

மெர்வின் சாக்பீஸை எடுத்தான். கரும்பலகையில் எழுத அவனிடம் ஒன்றும் இல்லை.